பாலிசியில் நாமினி மாற்றக் கோரும் கடிதம்

பாளையங்கோட்டை,
06.10.2025

அனுப்புநர்:
மு. செல்வகுமார்,
17, கீழ ரத வீதி,
பாளையங்கோட்டை,
திருநெல்வேலி – 627002.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம்,
பாளையங்கோட்டை.

பொருள்: பாலிசி எண் 321904758 (ஜீவன் ஆனந்த், காப்புத் தொகை ரூ. 3,00,000) – நாமினியை மாற்றுவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

மேற்கண்ட பாலிசியை 28.03.2012 அன்று எடுத்தேன். அப்போது எனக்குத் திருமணமாகவில்லை. அதனால் அப்பா சு. முத்தையா அவர்களை நாமினியாகப் போட்டிருந்தேன். அவர் 19.06.2022 அன்று காலமானார். அப்போதே வந்து மாற்றியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டுவிட்டேன். 05.09.2024 அன்று எனக்குத் திருமணம் ஆனது. இன்றைய நிலையில் பாலிசியில் உயிருடன் உள்ள நாமினி யாரும் இல்லை. எனக்கு ஏதாவது ஆனால் வீட்டுப் பெண்கள் இருவரும் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய நேரிடும்.

எனவே காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 39-இன்படி அப்பாவின் பெயரை நீக்கி, கீழ்க்கண்ட இருவரையும் நாமினிகளாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்:

செ. கவிதா, மனைவி, வயது 28 – 60 சதவீதம்
மு. பேச்சியம்மாள், தாயார், வயது 59 – 40 சதவீதம்

இந்தப் பங்கு வீட்டில் பேசி முடிவு செய்தது. இருவருமே மேஜர் என்பதால் காப்பாளர் யாரையும் குறிப்பிடவில்லை.

பெயர் விஷயத்தில் இரண்டு சிறு வேறுபாடுகள் உள்ளன. பத்திரத்தில் அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியபோது நடுவில் ஓர் 'ஏ' கூடுதலாக விழுந்திருக்கிறது. இறப்புச் சான்றிதழில் அது இல்லை. இரண்டும் ஒருவரே. அடுத்து, மனைவியின் ஆதாரில் இன்னும் அவருடைய அப்பாவின் இனிஷியலே, அதாவது 'ச. கவிதா' என்றே இருக்கிறது. திருமணப் பதிவுச் சான்றிதழில் இரு வீட்டார் பெயரும் இருப்பதால் அதைப் பார்த்தால் விளங்கும். ஆதாரில் உள்ளபடிதான் பெயரைப் பதிய வேண்டும் என்றால் 'ச. கவிதா' என்றே பதிந்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தப் பாலிசியின் மேல் கடன் வாங்கவில்லை. யாருக்கும் உரிமை மாற்றிக் கொடுக்கவும் இல்லை. செப்டம்பர் மாத அரையாண்டு பிரீமியம் வரை கட்டியாகிவிட்டது.

அசல் பாலிசி பத்திரத்தை இத்துடன் தருகிறேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் மடிப்பில் லேசாகக் கிழிந்திருக்கிறது. ஆனால் எண்ணும் கையெழுத்தும் தெளிவாக உள்ளன. பத்திரத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்து, மாற்றத்தைப் பத்திரத்தின் பின்புறம் பதிந்து திருப்பித் தர வேண்டுகிறேன். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். தகவலை பாலிசியில் பதிவாகியுள்ள கைபேசி எண்ணுக்கே அனுப்பலாம், எண் மாறவில்லை.

இப்படிக்கு,
மு. செல்வகுமார்
(பாலிசிதாரர்)

இணைப்பு: அசல் பாலிசி பத்திரம், சாட்சிக் கையெழுத்துடன் நாமினி மாற்றப் படிவம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல், திருமணப் பதிவுச் சான்றிதழ் நகல், மூவரின் ஆதார் நகல்கள், கடைசி பிரீமிய ரசீது நகல்.