வேலூர்ப் புரட்சி, 1806: உன் கட்டுரையிலிருந்து ஒரு காலக்கோடு

தம்பி, கட்டுரை முழுவதையும் படித்தேன். தகவல் நிறைய இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே எடையில் வந்து நிற்கிறது. அதனால் தேதிவாரியாகப் பிரித்து, எது எதைத் தூண்டியது என்பதைக் கூடவே எழுதியிருக்கிறேன். பொதுவான முன்னுரையை எடுத்துவிட்டேன். இதை வைத்தே தேர்வுக்குப் படி.

1799, மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் போரில் இறந்தார். அவர் குடும்பத்தை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள்.
விளைவு: கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும், கம்பெனியிடம் நாட்டை இழந்த அரச குடும்பமும் ஒரே மதிலுக்குள் வாழும் நிலை வந்தது. இதுதான் நீண்டகாலக் காரணம். நீ இதை ஒரே வரியில் கடந்துவிட்டாய்.

1801. ஜூலையில் கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியின் நிர்வாகம் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்குப் போனது. அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இதைப் பின்னணியாக மட்டும் வை. வேலூரோடு நேரடி அம்புக்குறி போட வேண்டாம்.

1805 நவம்பர் முதல் 1806 மார்ச் வரை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் ஒப்புதலோடு புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்புறம் தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை.
விளைவு: பார்ப்பதற்கு ஐரோப்பியத் தொப்பி போல இருந்த அந்தத் தலைப்பாகை, மதம் மாற்றத்தான் இதெல்லாம் என்ற அச்சத்தைக் கிளப்பியது. இந்து, முஸ்லிம் இருவரையும் ஒரே உத்தரவு சீண்டியதைக் கவனி. இரு தரப்பும் சேர்ந்து நின்றதற்கு இது பெரிய காரணம்.

1806, மே. வேலூரில் ஒரு பட்டாளம் தலைப்பாகையை அணிய மறுத்தது. சென்னையில் விசாரணை நடந்தது. ஒரு இந்து, ஒரு முஸ்லிம் என இரண்டு ஹவில்தார்களுக்குத் தலா 900 கசையடி, வேலைநீக்கம்.
விளைவு: வெளிப்படையாக மறுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எதிர்ப்பு ரகசியமானது.

1806, ஜூன் 17. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதியைப் பற்றித் தன் மேலதிகாரியிடம் சொன்னார். விசாரணை இந்திய அதிகாரிகள் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களோ அவரைப் பைத்தியம் என்று சொல்லிச் சிறைவைத்தார்கள்.
உன் கட்டுரையில் அடிக்குறிப்பில் கிடந்த இதை மேலே ஏற்றியிருக்கிறேன். புரட்சி ஏன் வெடித்தது என்பதற்கு உடை விதி பதில். ஏன் தடுக்கப்படவில்லை என்பதற்கு இது பதில்.

1806, ஜூலை 9. திப்புவின் மகளுக்குத் திருமணம். கோட்டைக்குள் ஆள்கூட்டம் சேர அது வசதியானது. இது வாய்ப்பு, காரணம் அல்ல.

1806, ஜூலை 10. விடிவதற்கு முன்பே சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-வது ஐரோப்பியப் படைப்பிரிவின் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டார்கள். கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் இறந்தார்கள். மைசூரின் புலிக்கொடி ஏறியது. திப்புவின் மகன் பதே ஹைதர் அரசராக அறிவிக்கப்பட்டார்.
ஆனால் பலர் கொள்ளையில் இறங்கினார்கள், வாயில்களின் காவல் தளர்ந்தது. கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு ஆங்கிலேய அதிகாரி சுமார் 25 கி.மீ. தொலைவிலுள்ள ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுபோனார். அங்கிருந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்துவிட்டார். மதிலில் எஞ்சியிருந்த 69-வது பிரிவினர் கயிறு இறக்கி அவரை மேலே ஏற்றினார்கள். பீரங்கிகள் வந்ததும் வாயில் தகர்க்கப்பட்டது.
விளைவு: சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். தேர்வில் ஐரோப்பியர் இழப்பை மட்டும் எழுதிவிட்டு இதை விடாதே. இறந்த சிப்பாய்கள் அவர்களைவிட மிக அதிகம்.

அதே ஆண்டு, பிறகு. விசாரணைக்குப் பின் 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள், 5 பேர் துப்பாக்கியால் சுடப்பட்டார்கள், 8 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. விசாரணைக் குழு உடை விதி, திப்பு குடும்பம் இரண்டையுமே காரணமாகச் சொன்னது. நீ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. அடிப்படைக் காரணம், உடனடிக் காரணம் என்று பிரித்து எழுது.

1806-1807. திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. 1807-இல் பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆனால் 1828-இல் பெண்டிங் வங்காளத்தின் தலைமை ஆளுநராக வந்தார். சதியை யார் யாரோ திட்டமிட்டதாகப் பேசினாலும், லண்டன் நிர்வாகம் தன் அதிகாரிகளையும் பொறுப்பாக்கியதற்கு இந்தத் திரும்ப அழைப்பே சான்று.

1857. வடக்கே பெரும் கிளர்ச்சி, தோட்டா உறையின் கொழுப்பு உடனடிக் காரணம். "வேலூரின் விளைவு 1857" என்று எழுதியிருந்தாய், அடித்துவிட்டேன். இரண்டிலும் மத அச்சம் தீப்பொறியாக இருந்தது, அது ஒப்புமை. 51 ஆண்டு இடைவெளியை ஒன்று மற்றொன்றை உண்டாக்கியதாகச் சொல்ல உன் கட்டுரையில் சான்று இல்லை. இங்கே புள்ளிக்கோடு போடு, அம்புக்குறி வேண்டாம்.