பச்சையாக நிறுக்க வேண்டியது ஏன்: புதிதாக உணவுத் திட்டம் தொடங்கும் ரீச்சருக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் ரீச்சருக்கு,

நீங்கள் அனுப்பிய முதல் வாரக் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒரு நாளும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் "சோறு 70 கிராம், பசி அடங்கவில்லை" என்றும், வெள்ளிக்கிழமை "சோறு 190 கிராம்" என்றும் இருக்கிறது. நான் திட்டத்தில் எழுதித் தந்தது 70 கிராம் அரிசி. செவ்வாய்க்கிழமை 70 கிராம் சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை எழுதிய 190 ஏறக்குறையச் சரியான அளவுதான். அது திட்டத்துக்கு மேலே போய்விட்டது என்று நினைத்து, பக்கத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறீர்கள். பிழை உங்களுடையதல்ல. முதல் நாளே நான் இதை விளங்கப்படுத்தியிருக்க வேண்டும்.

திட்டத்தில் நான் தரும் எல்லா நிறையும் பச்சை நிறை. அரிசி என்றால் கழுவ முந்தி. பருப்பு, கடலை, பயறு என்றால் ஊறப் போட முந்தி. மீனும் இறைச்சியும் வெட்டித் துப்பரவாக்கியபின், சட்டியில் போட முந்தி. மா என்றால் தண்ணீர் விட முந்தி.

70 கிராம் அரிசியில் ஏறக்குறைய 55 கிராம் மாச்சத்தும் 250 கலோரியும் இருக்கின்றன. உலையில் போட்டு இறக்கும்போது அதில் கூடுவது தண்ணீர் மட்டும்தான். தண்ணீருக்குக் கலோரி இல்லை, நிறை மட்டும் உண்டு. எவ்வளவு தண்ணீர் ஏறும் என்பது அரிசியையும், வேகவிட்ட நேரத்தையும், கஞ்சி வடித்தீர்களா வற்றவிட்டீர்களா என்பதையும் பொறுத்தது. அதே 70 கிராமை வெள்ளைச் சம்பாவாக எடுத்து விறைப்பாக வடித்தால் 170 கிராம் சோறு வரலாம். குத்தரிசியை றைஸ் குக்கரில் குழைய விட்டால் 200ஐத் தாண்டும். கஞ்சியாகக் காய்ச்சினால் அரைக் கிலோவும் வரும். பழஞ்சோற்றில் இரவு விட்ட தண்ணீரையும் சேர்த்துத்தான் தராசு காட்டும். தராசில் நான்கு வேறு இலக்கங்கள் வந்தாலும், உங்கள் இரத்தத்துக்குப் போகும் மாச்சத்து ஏறக்குறைய ஒன்றேதான். கஞ்சி வடிக்கும்போது கொஞ்சம் மா வெளியே போகும். அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

இந்தக் குழப்பம் இரண்டு பக்கமும் வெட்டும். 70 கிராம் சோற்றில் இருப்பது 20 கிராம் மாச்சத்து, 90 கலோரி சொச்சம். அதனால்தான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் உங்களுக்குக் கை நடுங்கி வியர்த்திருக்கலாம். நீங்கள் கிளிக்லசைட் குளிசை போடுகிறீர்கள். அந்தக் குளிசை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை, எப்படியும் இரத்தத்திலுள்ள சீனியை இறக்கும். இனி அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் இரத்தச் சீனியைத் திரும்பச் சோதியுங்கள். அந்த நாளையும் நேரத்தையும் உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். மறுபக்கம், யாராவது "190 கிராம்" என்பதைக் கேட்டு அதை அரிசியாக நிறுத்துச் சமைத்தால், ஒரு நேரத்துக்கே 650 கலோரிக்கு மேல் போய்விடும்.

மீனும் இறைச்சியும் எதிர்ப்பக்கம் போகும். அவை தண்ணீரை இழந்து சுருங்கும். எலும்பில்லாத கோழி 150 கிராமைக் கறியாக்கினால் 110 கிராம் சொச்சமாக இறங்கும். புரதம் அப்படியே 33 கிராம் அளவில் இருக்கும். மீனை மொறுமொறுவென்று பொரித்தால் இன்னும் கூடச் சுருங்கும், அதோடு எண்ணெயையும் குடிக்கும். பொரித்த துண்டை நிறுத்தால் மீன் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கணவாயும் இறாலும் சட்டியில் சுருங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஐந்து பேருக்கு ஒரே பானையில் சமைக்கிற வீட்டில் எப்படிப் பச்சையாக நிறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு சின்னப் பானையில் உலை வைக்க வேண்டாம், இரண்டு நாளில் அலுத்துப்போகும். இப்படிச் செய்யுங்கள்.

முதலில் வெறும் பானையை மூடியில்லாமல் ஒருமுறை நிறுத்து, அந்த இலக்கத்தைக் குசினிச் சுவரில் ஒட்டி வையுங்கள். உதாரணமாக 820 கிராம். அரிசியைக் கழுவ முந்தி நிறுங்கள்: 500 கிராம். சோறு வெந்து வடித்தபின் பானையோடு நிறுங்கள்: 2150 என்று வைப்போம். 2150இல் 820ஐக் கழித்தால் சோறு 1330 கிராம். அதை 500ஆல் பிரித்தால் 2.66. உங்கள் பங்கு 70 கிராம் அரிசி, அதை 2.66ஆல் பெருக்கினால் 186 கிராம் சோறு. அதைக் கோப்பையில் நிறுத்துப் போடுங்கள். அதே அரிசி, அதே பானை, அதே தண்ணீர் என்றால் நான்கைந்து நாள் இதைச் செய்து பாருங்கள். பெருக்கும் எண் பெரிதாக மாறாவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம். அரிசிக் கடையை மாற்றினால் மறுபடி பாருங்கள். சுடு பானையை நேரே தராசில் வைக்காதீர்கள், பிளாஸ்ரிக் தட்டும் உள்ளே இருக்கும் உணரியும் கெட்டுப்போகும். ஒரு மரப்பலகையை வைத்து TARE பொத்தானை அமர்த்தி, இலக்கம் பூச்சியத்துக்கு வந்தபின் பானையை வையுங்கள்.

சுண்டால் அளந்து பழகிய கைக்குத் தராசு கரைச்சலாகத்தான் இருக்கும். சுண்டு பிழையில்லை. ஆனால் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் நல்ல வித்தியாசம் வரும், குத்தரிசிக்கும் சம்பாவுக்கும் நிறையும் வேறு. உங்கள் வீட்டுச் சுண்டைத் தலைதட்டி மூன்று தரம் நிறுத்துப் பாருங்கள். மூன்றும் கிட்டக்கிட்ட வந்தால் வீட்டுக்குச் சுண்டாலேயே போடுங்கள், மொத்தக் கிராம் தெரிந்தால் போதும்.

புட்டுக்கு மாவையும் தேங்காய்ப்பூவையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும், இரண்டும் வேறு சாமான். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. 400 கிராம் மாவும் 130 கிராம் பூவும் போட்டு அவித்த புட்டு மொத்தம் 780 கிராம் வந்தால், உங்கள் பங்கான 60 கிராம் மாவுக்கு 117 கிராம் புட்டு. அதிலேயே ஏறக்குறைய 20 கிராம் பூவும் வந்துவிடும். அதற்கு மேலே சம்பலும் வைத்தால் அந்தப் பூவைத் தனியாக எழுத வேண்டும். உங்கள் குறிப்பேட்டில் சம்பல் ஒரு நாளும் காணப்படவில்லை, யாழ்ப்பாணத்தில் இடியப்பத்தைச் சம்பலில்லாமல் யாரும் சாப்பிட்டதாக நான் அறியேன்!

இடியப்பத்துக்கு நிறுவையே வேண்டாம், எண்ணினால் போதும். 300 கிராம் மாவில் 24 பிழிந்தால் ஒன்றில் 12.5 கிராம் மா. ஐந்து சாப்பிட்டால் 62 கிராம். தட்டுக்குத் தட்டு பெரிதும் சிறிதுமாகப் பிழியாமல் இருந்தால் சரி.

பருப்பை வேகவைத்தபின் நிறுக்கவே வேண்டாம். பாலும் தண்ணீரும் எவ்வளவு விட்டீர்கள் என்பதைப் பொறுத்து அதன் நிறை தினம் ஆடும். காய்ந்த பருப்பு 150 கிராம் போட்டு ஐந்து பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 30 கிராம், 7 கிராம் சொச்சம் புரதம். கடலையும் கௌப்பியும் ஊறினாலே இரட்டிப்பாகும், அதனால் முதல் நாள் இரவு ஊறப் போடும்போதே நிறுத்து எழுதிவிடுங்கள். காலையில் ஞாபகம் வந்தால் பிந்திவிட்டது.

மீன் கடையில் ஒரு கிலோ என்றால் தலை, குடல், செதில், செட்டை எல்லாம் சேர்த்துத்தான். அந்த இலக்கத்தை எழுதக் கூடாது. வெட்டிக் கழுவி, தண்ணீர் வடியவிட்டு நிறுங்கள். உங்களுக்கு நான் எழுதிய 120 கிராம் பாரை நடுமுள்ளோடு கணக்கிட்டது, முள்ளைக் கழற்ற வேண்டாம். குழம்புக்குள் உங்கள் துண்டு எது என்று தேடாமலிருக்க, வால்துண்டையே உங்களுக்கென்று நிறுத்து ஒதுக்கிவிடுங்கள். அதன் வடிவமே அடையாளம். ஐஸ் பிடித்த இறாலோ மீனோ வாங்கினால், ஐஸ் கரைந்து தண்ணீர் வடிந்தபின் நிறுங்கள். இல்லாவிட்டால் ஐஸைத்தான் நிறுக்கிறீர்கள். கருவாடு ஏற்கெனவே காய்ந்தது, பச்சை மீன் கணக்கு அதற்குப் பொருந்தாது. உப்புக்காக அதை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லியிருந்தேன், ஞாபகமிருக்கட்டும்.

எண்ணெய்தான் எல்லாரும் தவறவிடும் இடம். ஒரு கிராமுக்கு 9 கலோரி. கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைக்கும் நாளில், பொரிக்க முந்தித் தாச்சியை எண்ணெயோடு நிறுங்கள். பொரித்து முடித்து, ஆறியபின் திரும்ப நிறுங்கள். குறைந்திருக்கும் நிறைதான் ஏறக்குறைய கத்தரிக்காய் குடித்த எண்ணெய். அதை ஐந்தாகப் பிரித்தால் உங்கள் பங்கு. அந்த இலக்கம் உங்களைத் திடுக்கிட வைக்கலாம், ஆனாலும் அப்படியே எழுதுங்கள்.

வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக்காய், பாகற்காய், வெண்டிக்காய் இவற்றை நிறுத்து மினக்கெட வேண்டாம், வேண்டிய அளவு சாப்பிடுங்கள். கிழங்கு வகைகள் அப்படியல்ல. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வத்தாளை மூன்றையும் தோல் சீவிப் பச்சையாக நிறுங்கள். முட்டையை எண்ணினால் போதும். பால்மாவைக் கரைக்க முந்தித் தூளாக நிறுங்கள்.

பாண், கடைச் சாப்பாடு, கலியாண வீட்டுப் பந்தி, இவற்றுக்குப் பச்சை நிறை கிடையாது. அங்கே சமைத்த நிறையையோ கண்ணளவையோ எழுதி, பக்கத்தில் "சமைத்தது" என்று குறியுங்கள். நான் வேறு அட்டவணையிலிருந்து கணக்குப் பார்ப்பேன். எனக்குத் தலையிடி தருவது பச்சையா சமைத்ததா என்று தெரியாத இலக்கம் மட்டுமே. இனி ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் "ப" அல்லது "ச" என்று ஓர் எழுத்துப் போட்டுவிடுங்கள்.

தராசு மேசையில் ஆடாமல் சமமாக நிற்க வேண்டும். பற்றரி குறைந்தால் இலக்கம் தாவித் தாவி வரும். சந்தேகம் வந்தால், கடையில் வாங்கிய ஒரு கிலோச் சீனிப் பையை உடைக்காமல் வைத்துப் பாருங்கள். 1000ஐவிடப் பையின் நிறை அளவு கொஞ்சம் கூடக் காட்டினால் தராசு சரி.

அடுத்த புதன்கிழமை வரும்போது குறிப்பேட்டோடு, வெறும் பானையின் நிறையையும் நான்கு நாள் சோற்றின் பெருக்கும் எண்ணையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். செவ்வாய்க்கிழமை பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், டொக்டருக்கு அது தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்கள் போசாக்கு ஆலோசகர்