நூல் மதிப்புரை: வைகாட்ஸ்கியின் ‘மைண்ட் இன் சொசைட்டி’

பி.எட். முதலாம் ஆண்டு, ‘கற்றலும் கற்பித்தலும்’ தாளுக்காக

தேர்வுக்குப் படிக்கும் கைடுகளில் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கிக்கு அரைப் பக்கம்தான். பிள்ளை தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் இடைப்பட்ட அண்மை வளர்ச்சி மண்டலம், தேவையான அளவு உதவி தந்து மெல்ல விலக்கிக்கொள்ளும் சாரம் கட்டுதல், முடிந்தது. அந்தச் ‘சாரத்தை’ இந்த நூலில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கற்பித்தலில் அந்த உவமை பரவியது உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையிலிருந்து. வைகாட்ஸ்கியோ 1934-லேயே காசநோயால், 37 வயதில் இறந்துவிட்டார்.

நூலின் வடிவமும் அவர் தந்ததல்ல. மைக்கேல் கோல் உள்ளிட்ட நால்வர் அவருடைய பல எழுத்துகளிலிருந்து தொகுக்க, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1978-இல் வெளியிட்டது. மூலத்தில் கை வைத்ததைப் பதிப்பாசிரியர்களே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடை தாவுகிறது.

என்னை நிறுத்திவைத்தது ஒரு கைக்குழந்தை. எட்டாத பொருளுக்குக் கை நீட்டுகிறது. கை அந்தரத்தில் நிற்கிறது. அம்மா வந்து, ‘அதைக் காட்டுகிறது’ என்று எடுத்துக்கொள்கிறாள். தோற்றுப்போன முயற்சி, அவள் பார்வையில் சுட்டுதலாகிவிடுகிறது. தன் சைகைக்கு என்ன பொருள் என்று கடைசியாகத் தெரிந்துகொள்வது குழந்தைதான். முதலில் மனிதர்களுக்கிடையே, அப்புறம்தான் மனதுக்குள் என்று அவர் சொல்வது இந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடுகிறது. கைடு இதைத் தொடுவதே இல்லை.

ஆறாம் அத்தியாயத்தில்தான் பிரபலமான அந்த மண்டலம் வருகிறது. இரண்டு பிள்ளைகள், வயது 10, மனவளர்ச்சி 8 வயது அளவு. சற்று உதவினால் ஒரு பிள்ளை 12 வயதுக்குரிய கணக்குகள் வரை போகிறது, மற்றது 9 வயதுக்குரியதோடு நின்றுவிடுகிறது. இருவரும் சமம்தானா என்று கேட்கிறார். கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில், பின்னக் கணக்குத் தேர்வில் 4 மதிப்பெண் வாங்கிய இரண்டு ஆறாம் வகுப்புப் பெண்களை ஒரே குழுவில் உட்காரவைத்தேன். ‘ரொட்டியை வரைந்து பாரேன்’ என்றதும் ஒருத்தி மளமளவென்று போட்டுவிட்டாள். இன்னொருத்திக்குப் பகுதி, தொகுதி என்ற சொற்களே பிடிபடவில்லை. அந்த 4 எனக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் 40 பேர் இருக்கும் வகுப்பில் இந்த மண்டலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த உதவி போதும், எது அதிகம்? நூலில் விடை இல்லை. நுண்ணறிவுச் சோதனைகள் மீதான விமர்சனமாகவே அந்தப் பகுதி படுகிறது. கற்பிக்கும் முறையாக அதை நீட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். இதை அவர் குறையாக நான் எழுதமாட்டேன்.

விளையாட்டு பற்றிய ஏழாம் அத்தியாயம் எளிது, அழகும்கூட. நிஜ அக்கா தங்கை இருவர் ‘அக்கா தங்கை’ விளையாடும்போது, வழக்கமாகக் கவனிக்காத விதிகளையெல்லாம் கவனித்து நடக்கிறார்கள். நண்பர்கள் இங்கிருந்து தொடங்கலாம். புலனுணர்வு, கவனம், நினைவு பற்றிய இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களை நான் இரண்டு முறை படித்தும் பாதிதான் புரிந்தது.