எட்டுக்கு நாலு

கொழும்பு, வெள்ளவத்தை. தரம் 10 புவியியல் விடைத்தாள்களைக் கொடுத்த நாள். கடைசி மணி அடித்து, வகுப்பு காலியாகிவிட்டது.

மாணவி: மிஸ், ஒரு நிமிசம். இந்தக் கேள்விக்கு எட்டுக்கு நாலுதான் போட்டிருக்கிறீங்கள். நான் எழுதினதில் பிழை ஒன்றும் இல்லையே?

ஆசிரியை: பிழை இல்லைதான். கேள்வியை வாசி.

மாணவி: "கொழும்பைவிட நுவரெலியா குளிராக இருப்பது ஏன் என விளக்குக."

ஆசிரியை: இனி உன் விடையை வாசி.

மாணவி: "நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறையும். ஆகவே அங்கே ஏறத்தாழ 12 பாகை குறைவு." அடிமட்டம் வைத்துப் படமும் கீறியிருக்கிறேன் மிஸ்.

ஆசிரியை: பார்த்தேன். நல்ல வடிவான படம், கணக்கும் சரி. அந்த நாலு புள்ளியும் அதற்குத்தான். உயரப் போனால் ஏன் குறைகிறது?

மாணவி: அதுதான் மிஸ், 1,000 மீற்றருக்கு 6.5...

ஆசிரியை: அது எவ்வளவு என்பது. நான் கேட்பது ஏன் என்று. "மலையில் ஏறினால் சூரியனுக்குக் கிட்டப் போகிறோம், அப்ப சுடத்தானே வேணும்?" என்று உன் தம்பி கேட்டால் என்ன சொல்லுவாய்?

மாணவி: (சற்று யோசித்து) இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது.

ஆசிரியை: சைக்கிள் டயரில் காற்றைத் திறந்து விட்டிருக்கிறாயா? விரலில் எப்படிப் படும்?

மாணவி: குளிராக.

ஆசிரியை: உள்ளே நெருங்கிக் கிடந்த காற்று வெளியே வந்து விரிகிறது. விரிவதற்குச் சக்தி வேணும், அதைத் தன் வெப்பத்திலிருந்தே எடுக்கிறது. நுவரெலியாவில் வளியமுக்கம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

மாணவி: அப்ப கடற்கரைக் காற்று மலையில் ஏற ஏற விரியும், விரிய விரியக் குளிரும்!

ஆசிரியை: அதேதான். வெயில் பெரும்பாலும் நிலத்தைத்தான் சூடாக்கும், நிலம்தான் காற்றைச் சூடாக்கும். அதையும் சேர்த்துக்கொள்.

மாணவி: ஆனால் மிஸ், நுவரெலியாவிலும் நிலம் இருக்கிறதே. அதுவும் சுடும்தானே?

ஆசிரியை: (எழுந்தவர் திரும்ப உட்கார்கிறார்) சுடும். மத்தியான வெயில் அங்கேயும் சுள்ளென்று அடிக்கும். ஆனால் மேலே காற்று ஐதானது, நீராவியும் குறைவு. நிலம் விடும் வெப்பத்தைப் பிடித்து வைக்க அது போதாது. அதனால்தான் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் அங்கே மரக்கறித் தோட்டங்களில் உறைபனி படிகிறது.

மாணவி: இப்ப புள்ளியைக் கூட்டுவீங்களா?

ஆசிரியை: இல்லை மகள். தாளில் இல்லாததற்குப் போட்டால், எழுதின பிள்ளைகளுக்கு அநியாயம். மலைச்சரிவில் ஒரு அம்புக்குறி போட்டு, "காற்று விரிந்து குளிர்கிறது" என்று எழுதியிருந்தாலே ஆறு வந்திருக்கும்.

மாணவி: அந்த இடத்தில்தான் மேகத்துக்கு நிறம் தீட்டினேன்.

ஆசிரியை: மேகம் இருக்கட்டும், அதற்குக் கீழே இடம் இருக்கிறது. உன் வான் எத்தனை மணிக்கு?

மாணவி: இன்னும் பத்து நிமிசம் இருக்கு மிஸ்.

ஆசிரியை: சரி, பேனையை எடு.