ஒப்படைப்புக்குக் கூடுதல் அவகாசம் கோரிய மின்னஞ்சலுக்குப் பதில்

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றிய ஒப்படைப்பைச் செப்டம்பர் 8ஆம் தேதி வரை தாமதமாகத் தர அனுமதி கேட்டு நீ நேற்றிரவு அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தேன். அக்காவின் திருமணம் இந்த வியாழக்கிழமை நடக்கவிருப்பதையும், உத்திரமேரூருக்கு நேரில் சென்று கோயில் சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் படம் எடுத்துவர இதனால் முடியாமல் போனதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். காரணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நீ கேட்ட அவகாசத்தை என்னால் தர இயலாது.

செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 2ஆம் தேதி வகுப்பில், பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகளையும் வரிவரியாகப் படித்து, ஒப்படைப்பில் கேட்ட கேள்விகளுக்கு விடைகளையும் விவாதிக்கப் போகிறோம். 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வாரிய உறுப்பினருக்கு முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பு, 921இல் முப்பத்தைந்து முதல் எழுபது என மாறியது ஏன் என்பதே இந்த ஒப்படைப்பின் மையக் கேள்வி. வகுப்பில் அதைப் பேசி முடித்த பிறகு வரும் தாளுக்கு, தானாகவே யோசித்து எழுதிய மற்றவர்களின் தாளுக்குப் போடும் அதே அளவுகோலில் மதிப்பெண் போட எனக்கு மனம் ஒப்பாது. மேலும், ஜூலை 11ஆம் தேதியே ஒப்படைப்பைக் கொடுத்துவிட்டேன். திருமணத் தேதியும் உனக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆகஸ்டு முதல் வாரத்தில் இதைச் சொல்லியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கலாம். சென்ற வாரம் காய்ச்சலோடு வந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போன மாணவன் ஒருவன் உன் வகுப்பிலேயே இருக்கிறான் என்பதையும் நான் மறக்க முடியாது.

அதற்காக, நீ இதுவரை செய்த உழைப்பு வீணாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒப்படைப்புக்கான பத்து மதிப்பெண்ணில் ஏழு, கல்வெட்டு வாசகத்தை விளக்கும் முதல் பகுதிக்கும் இரண்டு கல்வெட்டுகளையும் ஒப்பிடும் இரண்டாம் பகுதிக்கும் உரியவை. கள ஆய்வுக் குறிப்புக்கு உள்ளவை மூன்றுதான். முதல் இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய முடிந்துவிட்டதாக நீயே எழுதியிருக்கிறாய். அவற்றை வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு 29, மாலை நான்கு மணிக்குள் அனுப்பிவிடு. தட்டச்சு செய்ய நேரமில்லையென்றால், கையால் எழுதிய பக்கங்களைக் கைப்பேசியில் தெளிவாகப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறேன். கள ஆய்வுக் குறிப்புக்குப் பதிலாக, திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குத் துறை அறைக்கு வா. துறை நூலகத்தில் இருக்கும் கல்வெட்டுப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் வாய்மொழியாகக் கேள்வி கேட்பேன். அந்த மூன்று மதிப்பெண்ணும் முழுமையாக அதற்குக் கிடைக்கக்கூடியவையே. உத்திரமேரூருக்குப் போக முடியாத வேறு யாருக்கும் இதே ஏற்பாடு உண்டு என்று நாளை வகுப்பில் அறிவிக்கப் போகிறேன். எனவே இது உனக்கு மட்டும் காட்டும் சலுகை என்று தயங்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை எதுவும் வராவிட்டால் அந்த ஏழு மதிப்பெண்ணை இழப்பாய். வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் வந்து அதை ஈடுகட்ட முடியாது.

நீ மின்னஞ்சலோடு இணைத்திருந்த முதல் பக்கத்தையும் பார்த்தேன். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றின் வேலைப் பிரிவை நன்றாகவே விளக்கியிருக்கிறாய். ஆனால் "முப்பது குடும்பு" என்பதை முப்பது குடும்பங்கள் என்று எழுதிவிட்டாய். குடும்பு என்பது ஊரின் பகுதி. இன்று நாம் வார்டு என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால் முப்பது வீட்டுக்காரர்கள் மட்டுமே ஊரை ஆண்டதாக ஆகிவிடும். உன் இரண்டாம் பகுதியின் வாதமும் அங்கேயே தடம் மாறும். அனுப்புவதற்கு முன் அந்த ஒரு பத்தியை மட்டும் திருத்திவிடு.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு வர இயலுமா என்பதை வெள்ளிக்கிழமை தாளோடு சேர்த்து ஒரு வரியில் எழுது. அக்காவுக்கும் வீட்டாருக்கும் என் வாழ்த்துகளைச் சொல்.

அன்புடன்,
உன் கல்வெட்டியல் பாட ஆசிரியர்
வரலாற்றுத் துறை