பிந்தித் திறக்கும் கதவு

நிரூபன் செத்தால் நான் சிரிப்பேன். 2018 முதல் நாலு வருசம் அப்படித்தான் போனது.

அவன் கனடாவின் ஸ்காபரோவில், நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். ஞாயிறு காலை எனக்கு விடியும்போது அவனுக்குச் சனி இரவு. இருவரும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் சுரங்கத்துக்குள் இறங்குவோம். கிரீப்பர் வெடிக்கமுதல் சீறும், நான் பின்னால் பாய்ந்துவிடுவேன், அவன் சிதறிப்போவான். "என்னடா மச்சான், கண்ணாடி போடேல்லையோ?" என்பேன். "ஓமடா, கவனிக்கேல்லை" என்பான். விழுந்த சாமான்கள் 5 நிமிடத்தில் மறைந்துவிடும். கட்டிலில் இருந்து எழும்பி வெறுங்கையோடு ஓடிவருவான்.

விளையாட்டுக்குள் புதுசாகச் சேர்க்கும் மோட் எல்லாம் அவன் பொறுப்பு, எங்கள் உலகத்தை ஓட்டும் சேர்வர் என் பொறுப்பு. அப்பாவின் பழைய கொம்பியூட்டர் ஒன்று சாமியறைக்குப் பக்கத்தில் இரவு பகலாக ஓடியது. 1.12.2 பதிப்பை விட்டு நாங்கள் நகரவில்லை. ரெயில்கிராஃப்ட் என்ற தண்டவாள மோட் அப்போது அதற்கு மேலே வந்திருக்கவில்லை. அந்த மோட்டை எடுத்தால் நாங்கள் போட்ட தண்டவாளம் முழுக்க உலகத்தில் இருந்து அழிந்துவிடும். சுரங்க வாசலில் இருந்து கடற்கரை வரைக்கும் போட்டது. மூன்று மாரிக்காலம் போட்டது.

2022 மார்ச்சில் கரண்ட் வெட்டு கூடிக்கொண்டே போனது. மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். நேர அட்டவணையைப் பார்த்து, வெட்டுக்குப் பத்து நிமிடம் முதலே `/stop` அடித்துவிடுவேன். ஒரு நாள் அட்டவணைக்கு முன்னமே கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்து சேர்வரைத் தொடக்கினால், சுரங்க வாசல் இருந்த இடத்தில் புத்தம்புதுக் காடு. `r.0.0.mca` கெட்டுப்போயிருந்தது. 512க்கு 512 கட்டை நிலம், ஒரே கோப்பு.

இரண்டு கிழமைக்கு முந்திய பிரதி இருந்தது. அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் போட்டேன். வாசல் திரும்பி வந்தது, ஆனால் கடைசி இரண்டு கிழமையில் போட்ட பாதை எல்லைக்கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது.

"இஞ்ச அனுப்படா," என்றான் நிரூபன். "முழுக்க அனுப்பு. இஞ்ச கரண்ட் நிக்காது."

எனக்கு விருப்பமில்லை. வீட்டில் அந்த விசிறிச் சத்தம் கேட்டால்தான் எங்கள் உலகம் இருக்கிறது என்ற நினைப்பு. ஆனாலும் அனுப்பினேன். 4 ஜிபி. கரண்ட் வரும் இரவுகளில் துண்டு துண்டாக, மூன்று இரவு. கடைசிக் கோப்பு போய்ச் சேர்ந்ததும் கொம்பியூட்டரை நிறுத்தினேன். அம்மா எழும்பிவந்து, "என்ன, கரண்ட் போட்டுதோ?" என்று கேட்டா.

அடுத்த முறை கரண்ட் வந்தது அதிகாலை மூன்று மணிக்கு. அவனுக்கு மாலை ஐந்தரை. உள்ளே போனேன். வீட்டு இரும்புக் கதவின் பொத்தானை அழுத்தினால் மூடியே நிற்கிறது, பிறகு திறக்கிறது. கல்லை உடைத்தால் உடைந்த கல் திரும்ப முளைக்கிறது. கோதுமை அறுத்தால் கையில் வந்து சேரவில்லை. மோட் ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"பிங் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டான்.

"280."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்," என்றான் சாதாரணமாக.

இருவரும் சுரங்கத்துக்குள் இறங்கினோம். கிரீப்பர் சீறிய சத்தம் கேட்டதும் பின்னால் பாய்ந்தேன். என் திரையில் பாய்ந்துதான் இருந்தேன். செத்துப்போனேன்.

ஹெட்போனில் சத்தமில்லை. அவன் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"கட்டிலுக்குப் பக்கத்தில பெட்டி இருக்கல்லோ, அதைத் திற," என்றான்.

அந்தப் பெட்டி நாலு வருசமாக அங்கே இருக்கிறது. ஒருநாளும் நான் திறந்து பார்த்ததில்லை. உள்ளே இரும்புக் கவசம் ஆறு சோடி, வாள்கள், பாண் ஒரு அடுக்கு.

"இவ்வளவு நாளும் உனக்கு இப்பிடித்தானோ?"

"ஓம்."

"ஏன்டா சொல்லேல்லை?"

"சொல்லி என்ன? சேர்வர் எங்க இருந்தாலும் ரெண்டு பேரில ஒருத்தருக்கு லாக் வரத்தானே வேணும்." கொஞ்சம் பொறுத்து, "கெதியா வா. உன்ர சாமானுக்கு இன்னும் மூண்டு நிமிசம் இருக்கு. நான் கிட்ட நிக்கிறன், ஒண்டும் வராமல் பாத்துக்கொள்ளுறன்" என்றான்.

கவசத்தைப் போட்டுக்கொண்டு கதவின் பொத்தானை அழுத்தினேன். மூடியே நின்றது. கையை எடுக்காமல் நின்றேன். திறந்தது.