பொருள்: ஜூன் 10 பணி நியமனக் கடிதம் – நிறுவன இணைப்புக்குப் பிறகும் செல்லுமா என உறுதிப்படுத்த வேண்டுகோள்

மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலைக் கணக்கர் பணிக்கு ஜூன் 10 தேதியிட்டு நீங்கள் அனுப்பிய நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டு, ஜூன் 12 அன்று திருப்பி அனுப்பியிருந்தேன். ஜூலை 21 அன்று பணியில் சேர வேண்டும். நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணையப்போவதாக நேற்று வெளியான அறிவிப்பைப் பார்த்தேன். வாழ்த்துகள். அந்தக் கடிதம் இப்போதும் அப்படியே செல்லுமா என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

இப்போதைய வேலையில் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே ஜூன் 20க்குள் நான் ராஜினாமா கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். கணக்குப் பிரிவு இரண்டு நிறுவனங்களிலும் இருக்கும் என்பதால், இணைப்பில் பணியிடங்கள் குறைய வாய்ப்புள்ள பிரிவும் அதுதான். என் கவலைக்குக் காரணம் இதுவே.

இந்தப் பணியிடத்துக்கான ஒப்புதல் இன்னும் நடப்பில் உள்ளதா, புதிய ஆளெடுப்பு ஏதும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளதா என்று தெரிவியுங்கள். சம்பளம், பதவி நிலை, பணியிடம், சேரும் தேதி ஆகியவை மாறாதல்லவா? இணைப்பு முடிந்தபின் என் பணி ஒப்பந்தம் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும், புதுக் கடிதம் வருமானால் சேர்ந்த தேதியும் தகுதிகாண் காலமும் முதலிலிருந்து தொடங்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தொலைபேசியில் பேசவும் தயார். ஆனால் ராஜினாமா செய்யுமுன் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வ உறுதி தேவை; ஜூன் 19 மாலைக்குள் கிடைத்தால் நல்லது. முடிவெடுக்கக் கூடுதல் நாள் ஆகுமென்றால், அதற்கேற்பச் சேரும் தேதியைத் தள்ளிவைக்க எனக்குச் சம்மதம். இந்தப் பணியில் சேர மிகவும் விரும்புகிறேன்.

இப்படிக்கு,
கவிதா